சட்டத்துக்குப் பின்னால் போகும் படம்

கடைக்காக நான்கு 55 அங்குல டி.வி.களை மேலே இரண்டு, கீழே இரண்டு என்று சுவரில் மாட்டி, ஒரே படமாக ஓட்ட வேண்டும். வீட்டுக்கு வாங்குகிற சாதாரண டி.வி.தான். வீடியோ வாலுக்கென்றே தயாராகும் பேனல்களில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே விழும் கறுப்புக் கோடு 3.5 மி.மீ., விலை ஏற ஏற 1.8 மி.மீ., அதற்கும் மேலே போனால் 0.88 மி.மீ. என்று மெலிந்துகொண்டே போகும். வீட்டு டி.வி.யில் அது 20 மி.மீ. தாண்டுவது சாதாரணம். அதனால் பெசல் காம்பன்சேஷன் கணக்கு உண்மையில் இங்கேதான் உயிர் பெறுகிறது.

*

3840-க்கு 2160 படத்தை நான்காக வெட்டி, ஆளுக்கொரு கால் பகுதியைக் கொடுத்தால் என்ன ஆகிறது? படத்தில் ஒட்டி நிற்கும் இரண்டு பிக்சல்களில் ஒன்று இடது டி.வி.யின் ஓரத்திலும் மற்றது வலது டி.வி.யின் ஓரத்திலும் போய் நிற்கும். நடுவே 20 மி.மீ. பிளாஸ்டிக். படுக்கைக் கோட்டில் இது தெரியாது. வட்டம் நீள்கிறது, முகம் அகலமாகிறது, சாய்ந்த கோடு படி வைத்ததுபோல் உடைகிறது. குறுக்கே ஓடும் கார், சட்டத்தை நேரமே எடுத்துக்கொள்ளாமல் தாண்டி அடுத்த டி.வி.யில் முளைக்கிறது.

ஜன்னல் வழியே தெருவைப் பார்க்கும்போது கம்பிக்குப் பின்னால் இருக்கும் தெரு நமக்குத் தெரிவதில்லை. ஆனால் அது அங்கேதான் இருக்கிறது. பெசல் காம்பன்சேஷன் படத்தை அப்படி நடத்துகிறது. சட்டத்தின் அகலத்துக்குச் சமமான பிக்சல்களைப் படத்திலேயே ஒதுக்கி, எந்த டி.வி.க்கும் அனுப்பாமல் விட்டுவிடுகிறது. கார் அந்த 20 மி.மீ.யைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் மறைந்திருந்து வெளியே வரும்.

*

அளக்க வேண்டியது பிளாஸ்டிக்கை அல்ல. இப்போது வரும் மெல்லிய டி.வி.களில் கண்ணாடிக்குள்ளேயே, சட்டத்துக்கும் படத்துக்கும் நடுவே, ஒளி வராத கறுப்புப் பட்டை ஒன்று இருக்கும். டி.வி. அணைந்திருக்கும்போது அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. இரண்டு டி.வி.களுக்கு நடுவே மாட்டும்போது விட்ட இடைவெளியும் இருக்கிறது. எரியும் கடைசிப் பிக்சலிலிருந்து அடுத்த டி.வி.யில் எரியும் முதல் பிக்சல் வரை: அந்த ஒரு தூரம்தான் கணக்குக்கு வேண்டும்.

இதற்கு ஒரு சோதனைப் படம் போதும். 1920-க்கு 1080 அளவில், கறுப்புப் பின்னணியில், நான்கு ஓரத்தையும் ஒட்டி ஒரே ஒரு பிக்சல் தடிமனில் வெள்ளைச் சட்டம். நான்கு டி.வி.யிலும் இதையே ஓட்டி, வெள்ளைக் கோட்டிலிருந்து வெள்ளைக் கோட்டுக்கு டேப் வைத்து அளக்கலாம்.

*

அந்த வெள்ளைக் கோடு சில டி.வி.களில் தெரியவே தெரியாது. அதுவும் ஒரு பதில்தான்: ஓவர்ஸ்கேன் வேலை செய்கிறது. பழைய ஒளிபரப்புக் காலத்துப் பழக்கமாக, டி.வி. படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரங்களை வெட்டிவிடுகிறது. ஒவ்வொரு பக்கமும் 2.5 சதவீதம் வெட்டினால் 1920-இல் 48 பிக்சல். இணைப்பின் இரு பக்கமும் சேர்ந்து 96. நாம் திருத்தப் பார்க்கும் பெசலோ முப்பத்துச் சொச்சம் பிக்சல்தான். காம்பன்சேஷன் எண்ணை எப்படி மாற்றினாலும் படம் பொருந்தவில்லை என்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. LG டி.வி.களில் `Just Scan`, சாம்சங்கில் `Screen Fit` அல்லது `Fit to screen`, சோனியில் `Full Pixel` என்ற பெயர்களில் இருக்கும். நான்கிலும், எந்த HDMI துளையில் ஒயர் செருகியிருக்கிறதோ அந்த இன்புட்டுக்கு, மாற்றியாக வேண்டும்.

*

கணக்கு. 55 அங்குல 16:9 திரையில் படத்தின் அகலம் சுமார் 1210 மி.மீ. அதை 1920-ஆல் வகுத்தால் ஒரு பிக்சல் 0.63 மி.மீ. பக்கவாட்டு இணைப்பு 20 மி.மீ. இருந்தது: 20-ஐ 0.63-ஆல் வகுத்தால் 32 பிக்சல். மேல் டி.வி.யின் கீழ்ச்சட்டம் பெரும்பாலும் கொஞ்சம் தடிமன், அதனால் மேல்-கீழ் இணைப்பு 24 மி.மீ.: 38 பிக்சல். இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போட்டால் ஒரு திசை பொருந்தும், மற்றது உடையும்.

ஆக, கற்பனைத் திரையின் அகலம் 1920 + 32 + 1920 = 3872. உயரம் 1080 + 38 + 1080 = 2198. வலது பத்தி 1952-இல் தொடங்குகிறது, கீழ் வரிசை 1118-இல்.

டி.வி. 4கே என்றால் எண் இரட்டிப்பாகும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். 4கே சிக்னல் அனுப்பினால் அப்படித்தான். 4கே டி.வி.க்கு 1080 சிக்னல் அனுப்பினால் எண் மாறாது, ஏனென்றால் நாம் எண்ணுவது அனுப்பும் படத்தின் பிக்சலை, கண்ணாடியில் உள்ளதை அல்ல.

*

லினக்ஸ் கம்ப்யூட்டரில் நான்கு HDMI இருந்து எக்ஸ்11 ஓடினால், தனியாக வீடியோ வால் கன்ட்ரோலர் வேண்டியதில்லை. டி.வி.களின் இடத்தை அந்த எண்களில் வைத்தால் நடுவில் விழும் பள்ளமே பெசல்:

```
xrandr --output HDMI-1 --mode 1920x1080 --pos 0x0 \
       --output HDMI-2 --mode 1920x1080 --pos 1952x0 \
       --output HDMI-3 --mode 1920x1080 --pos 0x1118 \
       --output HDMI-4 --mode 1920x1080 --pos 1952x1118
```

HDMI-களின் பெயர் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் மாறும். `xrandr` என்று மட்டும் அடித்தால் காட்டிவிடும்.

ஒவ்வொரு டி.வி.க்கும் தனித்தனி பிளேயர் இருந்தால், வீடியோவையே முன்கூட்டி வெட்டி வைக்கலாம். வலது கீழ் டி.வி.க்கு:

```
ffmpeg -i in.mp4 -vf "scale=-2:2198,crop=3872:2198,crop=1920:1080:1952:1118" tv4.mp4
```

16:9 வீடியோ 2198 உயரத்துக்கு வரும்போது அகலம் 3908 ஆகிறது. அதனால் இரு ஓரத்திலும் 18 பிக்சல் போகிறது. யாரும் கவனிக்க மாட்டார்கள். எண்கள் எல்லாம் இரட்டைப்படையாக இருப்பது நல்லது. சாதாரண வீடியோவில் நிறம் இரண்டு பிக்சலுக்கு ஒன்றாகவே பதிவாகிறது.

*

இனி, இந்தக் குறிப்பேட்டில் இதற்குத்தான் அதிக இடம் தர விரும்புகிறேன். பலரும் அளப்பதில்லை. சாய்ந்த கோடு ஒன்றைத் திரைகளின் குறுக்கே ஓடவிட்டு, அது நேராகத் தெரியும்வரை எண்ணை ஏற்றி இறக்குகிறார்கள். கிராபிக்ஸ் கார்டு மென்பொருள்கள் சிலவும் அப்படித்தான் கேட்கின்றன. இந்த ஒரு வேலைக்கு மனிதக் கண் சரியான கருவி இல்லை.

1860-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் போகன்டோர்ஃப், தன் பத்திரிகைக்குச் சோல்னர் என்பவர் அனுப்பிய ஒரு படத்தில் இதைக் கவனித்தார். சாய்ந்த கோடு ஒன்று செங்குத்தான பட்டைக்குப் பின்னால் போய் மறுபக்கம் வெளிவந்தால், கோடு அச்சாக நேராக இருந்தாலும் நம் கண்ணுக்கு முறிந்தே தெரிகிறது. இடது கீழிருந்து வலது மேலாக ஏறும் கோடானால், வலது பாதி இருக்க வேண்டியதைவிட மேலே இருப்பதாகத் தோன்றும். பட்டை அகலமாக ஆக, கோடு செங்குத்தாக ஆக, ஏமாற்றம் கூடும். பெசல் என்பது அப்படியே அந்தப் பட்டைதான்.

கண் என்ன கேட்கும்? வலது பாதியைக் கொஞ்சம் இறக்கு என்று கேட்கும். இறக்க ஒரே வழி, ஒதுக்கிய பிக்சலைக் குறைப்பது. ஆகவே கண்ணால் வைத்த எண், டேப் சொல்லும் எண்ணைவிடக் குறைவாக வந்து நிற்கும். 32 சரி என்கிற இடத்தில் இன்னும் சிறிய எண்ணிலேயே கோடு நேராகிவிட்டதாகத் தோன்றி, கை நின்றுவிடும்.

நூல் பிடிப்பதுதான் சரி. கொத்தனார் சுவருக்குப் பிடிப்பதைப் போலவே, மெல்லிய நூலை இரு ஆள் பிடித்துத் திரைகளின் மேல் இறுக்கி, இடது பாதிக் கோட்டின் மேல் சரியாகப் படியவிட்டு, வலது பாதியைப் பார்க்க வேண்டும். நூலுக்கும் கோட்டுக்கும் நடுவே கறுப்பு தெரிந்தால் எண் தவறு. நூல் படிந்துவிட்டால், அதை எடுத்த பிறகு கோடு முறிந்ததாகத் தெரிந்தாலும் எண்ணைத் தொடக்கூடாது.

*

கோடு நிற்கும்போது நேராக இருந்து, நகரும்போது மட்டும் உடைந்தால் அது பெசல் அல்ல, தாமதம். படுக்கைக் கோடு ஒன்றை மேலிருந்து கீழாக நகர்த்திப் பார்த்தால், இடது-வலது டி.வி.களில் எது பின்தங்குகிறது என்று தெரியும். நொடிக்கு 600 பிக்சல் வேகத்தில் ஒரு ஃப்ரேம் தாமதம் 10 பிக்சல் படியாக விழும். மோஷன் ஸ்மூத்திங் ஒரு டி.வி.யில் மட்டும் எரிந்துகொண்டிருப்பதே பெரும்பாலும் காரணம். நான்கையும் கேம் மோடில் போட்டால் சேர்ந்துகொள்ளும்.

மேல்-கீழ் இணைப்பில் ஒரு சிறு உடைவு மட்டும் போகாது. ஒவ்வொரு டி.வி.யும் மேலிருந்து கீழாகப் புதுப்பிக்கிறது. கீழ் டி.வி. தன் முதல் வரியைப் போட்டு ஏறக்குறைய ஒரு ஃப்ரேம் கழிந்த பிறகுதான் மேல் டி.வி. தன் கடைசி வரிக்கு வந்து சேர்கிறது. வேகமாகக் குறுக்கே போகும் பொருள் அங்கே கொஞ்சம் ஒடியும். பெசல் எண்ணில் கை வைத்து இதைத் திருத்தப் போனால் மற்றதெல்லாம் கெடும்.

*

எழுத்து வந்தால் காம்பன்சேஷன் பகையாகிவிடும். 32 பிக்சல் அகலம் என்பது சிறிய எழுத்து ஒன்று முழுதாகக் காணாமல் போகும் இடம். விலைப்பட்டியலில் ஒரு பூஜ்யம் சட்டத்துக்குப் பின்னால் போனால் 1500 ரூபாய்ப் பொருள் 150 ஆகிவிடும். எக்செல், விலைப்பட்டியல், வரைபடம் போன்றவற்றுக்கு அதை அணைத்துவிடலாம். படம் சற்று நீண்டாலும் ஒன்றும் தொலையாது. அல்லது இணைப்பின் மேல் எதுவும் வராதபடி பக்கத்தை வடிவமைக்க வேண்டும். ஓடும் செய்திவரிக்கு மட்டும் அணைக்க வேண்டாம். நொடிக்கு 120 பிக்சல் ஓடினால் எழுத்து கால் நொடி மறைந்து மறுபக்கம் வந்துவிடும், கண் அதைச் சேர்த்துப் படித்துக்கொள்ளும்.

*

இரண்டுக்கு இரண்டு வடிவத்தில் சிலுவை திரையின் நட்டநடுவில் விழுகிறது. விளம்பரப் படங்களில் முகம் இருப்பதும் அங்கேதான். எவ்வளவு சரியாகக் கணக்குப் போட்டாலும் மூக்கு சட்டத்துக்குப் பின்னால்தான். முகமே முக்கியம் என்றால் மூன்றுக்கு மூன்றாகச் சிறிய டி.வி.களை மாட்டச் சொல்வேன், நடு டி.வி. முழுதாகக் கிடைக்கும். வாங்குவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது.

*

நான்கில் ஒன்று பழுதாகி, அதே மாடல் கிடைக்காமல் வேறு மாடல் வந்தால் கறுப்புப் பட்டையின் அகலம் மாறியிருக்கும். அப்போது அதன் இரு இணைப்புகளையும் மறுபடி அளந்து, மாட்டும்போது விடும் இடைவெளியைக் கூட்டியோ குறைத்தோ பழைய 20-க்கும் 24-க்கும் கொண்டுவர முடிந்தால் எண்களை அப்படியே விடலாம். முடியாவிட்டால் அந்த டி.வி.யின் இடத்தை மட்டும் மாற்ற வேண்டும். வெள்ளைச் சட்டப் படத்தைப் பென்டிரைவில் போட்டு டி.வி.யின் பின்னாலேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.