ஐந்து கேள்விகள்

படத்தில் இருப்பது ஒரு பழைய நாட்குறிப்பின் பக்கம். இடப்புறம் 29 எண்கள், வலப்புறம் 38 எண்கள். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு சிறு குறி. பள்ளிவாசலில் தேயிலைத் தோட்டத்து லயம் ஒன்றில் வாழும் ஆய்வு மாணவி ஒருத்தி, தான் தோற்ற தேர்வைத் தானே திருத்திப் பார்த்தபோது எழுதியவை அவை.

தேர்வு, யு.ஜி.சி. நெட். 2024 ஜூன் 18 அன்று நாடெங்கும் 9 லட்சத்துக்கும் மேற்பட்டோருடன் அவளும் எழுதினாள். அடிமாலி, நேரியமங்கலம், கோதமங்கலம் வழியாக மலையிறங்கி எர்ணாகுளம் சென்று எழுதிவிட்டுத் திரும்பிய மறுநாளே தேர்வு ரத்தானது. ஆகஸ்டு 21 முதல் செப்டம்பர் முதல் வாரம் வரை கணினி வழியில் அது மீண்டும் நடந்தது. இரண்டாம் முறையும் அதே வழியில் பேருந்தில் சென்றாள். அக்டோபர் 17 அன்று முடிவு வந்தது. அவள் தகுதி பெறவில்லை.

ரத்தான தேர்வைக் காரணமாகச் சொல்ல அவளுக்கு வாய்ப்பிருந்தது. சொல்லவில்லை. ஜூனில் எழுதியதைவிட ஆகஸ்டில் எழுதியபோது இரண்டு மாதம் கூடுதலாகப் படித்திருந்தாள். ஆகவே தோல்விக்கான விடை வேறெங்கோதான் இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

இத்தேர்வை அறியாதவர்களுக்கு ஒரு விளக்கம் தேவை. முதல் தாளில் 50 கேள்விகள், இரண்டாம் தாளில் 100 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண் வீதம் மொத்தம் 300. இரண்டு தாள்களுக்கும் சேர்த்து மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. பொதுப் பிரிவினர் 40 விழுக்காடும், ஒதுக்கீட்டுப் பிரிவினர் 35 விழுக்காடும் பெற வேண்டும் என்பது விதி. அதைப் பெற்றால் தேறிவிடலாம் என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது வாசற்படி மட்டுமே. இரு தாள்களையும் எழுதியவர்களில் 6 விழுக்காட்டினரே உதவிப் பேராசிரியர் தகுதிக்குத் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். அந்த இடங்கள் பாடவாரியாகவும் பிரிவுவாரியாகவும் பகிரப்பட்ட பிறகே ஒவ்வொன்றுக்குமான எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பது தெரியவரும். அவள் பெற்றது 300-க்கு 166, அதாவது 55 விழுக்காடு. வாசற்படியைத் தாண்டியிருந்தாள், எல்லைக்கோட்டுக்கு 10 மதிப்பெண் குறைந்தது.

முடிவு வந்த மாலையில் அவளுடைய தாய் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, கூடையை இறக்கியபடியே கேட்டாள்:

"எவ்வளவும்மா குறைஞ்சிச்சு?"

"அஞ்சு கேள்விம்மா."

"எந்த அஞ்சு?"

மகளிடம் விடையில்லை. நாட்குறிப்பின் அந்தப் பக்கம் அன்றிரவு தொடங்கியது.

கணினி வழித் தேர்வில் தேர்வர் ஒவ்வொரு கேள்விக்கும் அளித்த விடை பதிவாகிறது. விடைக்குறிப்போடு அந்தப் பதிவும் இணையத்தில் தரப்படும். அதை முன்பே தரவிறக்கி வைத்திருந்தும் அவள் கூட்டுத்தொகையை மட்டுமே பார்த்திருந்தாள். இப்போது ஒவ்வொரு கேள்வியாக எடுத்தாள். முதல் தாளில் சரியானவை 21, தவறானவை 20, தொடாமல் விட்டவை 9. இரண்டாம் தாளில் சரியானவை 62, தவறானவை 38. 'எது தவறு' என்பதோடு நிற்காமல் 'ஏன் தவறு' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி இட்டாள்.

தொடாமல் விட்ட ஒன்பது கேள்விகளே முதலில் கண்ணில் பட்டன. தவறுக்குத் தண்டனையில்லாத தேர்வில் ஒரு கேள்வியை வெறுமையாக விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டிருந்தாலும் சராசரியாக இரண்டு கேள்விகள் சரியாகியிருக்கும். ஆனால் அவளுக்குத் தேவைப்பட்டது ஐந்து. அதிர்ஷ்டம் கைவிட்டதால் தோற்றேன் என்று சொல்லிக்கொள்ள அந்தக் கணக்கு இடம் தரவில்லை.

அந்த ஒன்பதில் ஐந்து, ஒரே அட்டவணையைச் சார்ந்தவை. முதல் தாளில் பத்து அலகுகள் உண்டு. ஒவ்வோர் அலகிலிருந்தும் ஐந்து கேள்விகள் வரும். அவற்றுள் ஒன்று தரவுகளைப் படித்து விடை காண்பது. முதல் தாளின் வினாக்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அமைகின்றன. தமிழைப் பாடமாக எடுத்தவர்களுக்கு இரண்டாம் தாள் தமிழில் வரும். முதல் தாளுக்கு அந்த வசதி இல்லை. பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் பயின்ற அவள், அட்டவணையைப் பார்த்ததும் பிறகு வரலாம் என்று கடந்துவிட்டாள். திரும்பி வர நேரம் இருக்கவில்லை.

அது கணக்குத் தெரியாததால் வந்த அச்சமா, மொழியால் வந்த அச்சமா? அதை அறிய அவள் ஒரு சோதனை செய்தாள். தாயின் கொழுந்துக் கணக்கை ஓர் அட்டவணையாக்கினாள். திங்கள் 30 கிலோ, செவ்வாய் 36, புதன் 27. திங்களைவிடச் செவ்வாயன்று எத்தனை விழுக்காடு கூடியது? கூடியது 6, அடிப்படை 30, ஆகவே 20 விழுக்காடு. செவ்வாயைவிடப் புதனன்று எத்தனை விழுக்காடு குறைந்தது? குறைந்தது 9; இப்போது அடிப்படை 36; ஆகவே 25 விழுக்காடு. காகிதம் இல்லாமலே விடை வந்தது. அதே கேள்விகளைப் பழைய வினாத்தாள்களில் வரும் ஆங்கில நடையில் எழுதிப் பார்த்தபோது, எந்த நாளை அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்பதில் இரண்டு முறை வழுக்கினாள். கணக்கு அவளிடம் இருந்தது. எந்த எண்ணால் வகுக்க வேண்டும் என்பதைச் சொல்லும் அந்த ஒரு சொற்றொடரில்தான் அவள் தடுக்கி விழுந்தாள்.

இதை அறிந்ததும் குறிகள் தெளிவாகப் பிரிந்தன. முதல் தாளில் இழந்த 29 கேள்விகளில் 11, வினாவைத் தவறாகப் புரிந்துகொண்டதால் போனவை. 9, நேரமின்மையால் தொடாதவை. எஞ்சிய 9 மட்டுமே உண்மையில் தெரியாதவை. அவளோ கடந்த ஆறு மாதங்களில் முதல் தாளுக்கென ஒதுக்கிய நேரமெல்லாம், தெரியாத செய்திகளை மனப்பாடம் செய்வதற்கே செலவாகியிருந்தது. 29 இழப்புகளில் 20-க்கு மனப்பாடம் மருந்தே அல்ல.

இரண்டாம் தாள் வேறொரு விதமாக வலித்தது. அது அவளுடைய சொந்தப் பாடம். இழந்த 38-இல் 12, அவள் ஒதுக்கி வைத்திருந்த இலக்கணப் பகுதிகளிலிருந்து வந்தவை. அங்கே சொல்வதற்கு ஒன்றுமில்லை, படிக்கவில்லை. 9, அவசரத்தால் போனவை. 17 கேள்விகள் பொருத்துக, காலவரிசைப்படுத்துக என்னும் இரு வகைகளைச் சேர்ந்தவை. காரணத்தை அறியத் தனக்குத் தானே ஒரு வினா வைத்துக்கொண்டாள்: பத்மாவதி சரித்திரம், பிரதாப முதலியார் சரித்திரம், கமலாம்பாள் சரித்திரம் ஆகியவற்றைக் காலவரிசையில் எழுதுக. முதுகலையில் தொடக்ககாலப் புதினங்களைப் பற்றித்தான் அவள் ஆய்வேடு எழுதியிருந்தாள். மூன்று கதைகளும் பாத்திரங்களும் நினைவில் இருந்தன. வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் முதலில் வரும், 1879 என்று தயங்காமல் எழுதினாள். அடுத்தது எது என்பதில் பேனா நின்றது. பத்மாவதி என்று எழுதி, அடித்து, மறுபடியும் பத்மாவதி என்றே எழுதினாள். தவறு. ராஜமையரின் கமலாம்பாள் 1896-இலேயே நூலாகிவிட்டது. மாதவையாவின் பத்மாவதி 1898-இல் வந்தது.

நூல்களை அவள் ஒவ்வொன்றாக நேசித்துப் படித்திருந்தாள். ஒன்றின் அருகில் மற்றொன்றை வைத்து ஒருபோதும் பார்த்ததில்லை. காலவரிசை வினா கேட்பது அந்த உறவைத்தான். இது தேர்வுக்கான தந்திரம் என்று அதுவரை அவள் சற்று இளக்காரமாகவே நினைத்திருந்தாள். இரண்டு ஆண்டு இடைவெளியில் வந்த இரண்டு புதினங்களுள் எது முந்தியது என்று தெரியாத ஒருத்தி, எது எதற்கு மறுமொழி கூறியிருக்கலாம் என்று எப்படி ஆராய முடியும்? தேர்வு சுட்டிக்காட்டியது அவளுடைய ஆய்வில் இருந்த ஓட்டையையும்தான். அதை ஒப்புக்கொள்ள அவளுக்கு இரண்டு நாள் ஆயிற்று.

மீண்டும் எழுதுவது என்ற முடிவு அதற்குப் பிறகே வந்தது. அதற்கு முன் அவள் இரண்டு விஷயங்களை எடைபோட்டாள். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பில்லை. ஆனால் மாதம் 37,000 ரூபாய் தரும் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கு வரம்பு உண்டு, அதன் எல்லைக்கோடும் உயரமானது. ஐந்து கேள்விகள் தகுதிக்கு மட்டுமே போதுமானவை. உதவித்தொகைக்கு அதைவிட அதிகம் வேண்டும். மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து வரும் வருமானத்தில் ஆய்வைத் தொடரும் அவளுக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல. எனினும், இழந்தவை எங்கே கிடக்கின்றன என்பது தெரிந்த பிறகு தேடாமல் விடுவதற்கு அவளிடம் காரணம் இருக்கவில்லை.

இப்போது நாள்தோறும் காலையில் ஓர் ஆங்கில அட்டவணை, ஓர் ஆங்கிலப் பத்தி. வினாவைப் படித்ததும் விடையைத் தேடாமல், அது கேட்பது என்ன என்பதை முதலில் தமிழில் ஒரு வரியாகச் சொல்லிக்கொள்கிறாள். லயத்தின் சுவரில் பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறங்களை ஒட்டி ஒரு காலக்கோடு வரைந்திருக்கிறாள்; ஒவ்வொரு நூலும் அண்டை நூல்களுக்கு இடையே எழுதப்படுகிறது. ஞாயிறுதோறும் பழைய வினாத்தாள் ஒன்றை மூன்று மணி நேரத்தில் முழுமையாக எழுதுகிறாள். முதல் தாளுக்கு ஒரு மணி நேரம்; கடைசி ஐந்து நிமிடம் வெறுமையானவற்றை நிரப்புவதற்கு.

ஐந்து ஞாயிறுகள் கடந்துள்ளன. முதல் தாளில் சரியானவை 21-இலிருந்து 27 ஆகியிருக்கின்றன. காலவரிசை வினாக்களில் முன்னேற்றம் உண்டு. இலக்கணம் இன்னும் அசைந்து கொடுக்கவில்லை. எல்லைக்கோடு முன்பிருந்த இடத்திலேயே நிற்கும் என்ற உறுதியும் இல்லை. மற்றவர்களும் படித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

டிசம்பர் பருவத்துக்கான விண்ணப்பம் நவம்பர் 19 அன்று திறந்தது. அந்த வாரமே கட்டணம் செலுத்திவிட்டாள். தேர்வு ஜனவரியில். தாய் நாட்குறிப்பை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். எழுத்துகளைவிட எண்களே அவளுக்குப் பழக்கம்.

"இதுல எந்த அஞ்சும்மா?"

மகள் முதல் தாளின் அட்டவணைக் கேள்விகளைத் தொட்டுக் காட்டினாள். பிறகு இலக்கணப் பகுதிக்கு விரலை நகர்த்தி, "இது இன்னும் பாக்கி இருக்கும்மா" என்றாள்.