வந்திட்டீங்களோ?

யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கிலே, விடைபெறும் சொல்லுக்குள்ளேயே திரும்பிவருதல் அடங்கியுள்ளது. வீட்டை விட்டுப் புறப்படுபவர் “போறன்” என்று தனித்துக் கூறுவதில்லை. “போட்டு வாறன்” என்றே கூறுவர். மரணவீட்டிலிருந்து எழுந்து செல்வோர் மாத்திரமே அதனைச் சொல்லாமற் செல்வர். அவ்வீட்டுக்கு அத்தகைய காரியத்தின் நிமித்தம் மீண்டும் வரநேரக்கூடாது என்பதே அதன் கருத்து. ஆகவே, பிரயாணத்தினின்றோ நோயினின்றோ மீண்டுவந்தவர் ஒருவகையில் தாம் கொடுத்த வாக்கைக் காத்தவராகின்றார். “வந்திட்டீங்களோ?” என்னும் வரவேற்பு அவ்வாக்கு நிறைவேறியதை ஏற்றுக்கொள்ளும் சொல்லாகும்.

கண்ணெதிரே நிற்பவரைப் பார்த்து, வந்துவிட்டீர்களோ என வினவுவது மேலோட்டமாக நோக்குவோருக்குப் பொருளற்றதாகத் தோன்றலாம். ஆனால், அது செய்தி அறிவதற்காக எழுந்த வினாவன்று. அதிலுள்ள ‘விடு’ என்னும் துணைவினை, எதிர்பார்த்திருந்த செயல் முற்றுப்பெற்றதை உணர்த்துகின்றது. காத்திருந்தவரின் நாவிலேயே அது இயல்பாகப் பிறக்கும். வருகையை அறியாதிருந்தவர் “எப்ப வந்தனீங்கள்?” என்றே கேட்பார். இதற்கு நாளைக் குறிப்பிட்டு விடை கூறவேண்டும். வந்தவர் மூன்று நாட்களாக அயலில் இருந்தும் தலைகாட்டாதவராயின், அவ்வினாவிலே சிறியதொரு மனக்குறையும் ஒலிக்கும்.

வரவேற்புச் சொல்லிலே தவறுவோர் அரிது. அடுத்துக் கேட்கப்படும் வினாவிலேதான் பெரும்பாலோர் இடறுகின்றனர். 1983 இன் பின்னர் புலம்பெயர்ந்து, பல்லாண்டுகள் கழித்து ஊருக்கு வருபவரை நோக்கி, “எப்ப திரும்பிப் போறீங்கள்?” என்று கேட்போர் உளர். பயணப்பெட்டி இன்னும் திறக்கப்படாத நிலையில், அவ்வினா அவரை மீண்டும் விமானநிலையத்துக்கே அனுப்பிவிடுகின்றது. “எத்தனை நாள் நிப்பீங்கள்?” என்று வினவுவோரும் அறிய விரும்புவது அதே நாளைத்தான். எனினும், முன்னையது பிரிவை அளக்கின்றது. பின்னையது இருப்பை அளக்கின்றது. யாழ்ப்பாணத் தமிழில் ‘நிற்றல்’ என்பது தங்குதலையும் குறிப்பதனால் இவ்வசதி எளிதிற் கிட்டுகின்றது.

நோயுற்று மீண்டவரிடத்தில் இவ்வேறுபாடு மேலும் நுண்மையானது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கொழும்பிலே சத்திரசிகிச்சை பெற்று, ஒரு மாதத்தின் பின் வீடு திரும்பியிருந்தார். அன்று மாலை அயலவர் மூவர் அவரைப் பார்க்க வந்தனர். முதலாமவர் படியேறும்போதே, “என்ன மாஸ்ரர், இப்பிடி மெலிஞ்சு போனீங்கள்!” என்றார். ஆசிரியர் சால்வையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். இரண்டாமவர், “வருத்தம் மாறிட்டுதோ? டொக்ரர்மார் என்ன சொன்னவை?” என்று கேட்டார். ஆசிரியர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவர் தேநீர் எடுத்துவருவதாகக் கூறி அடுக்களைக்குட் சென்றார். வைத்தியர்கள் மனைவிக்குக் கூறிய அனைத்தும் கணவருக்குக் கூறப்பட்டிருக்கவில்லை.

இங்கு நோக்கற்பாலது ஒன்றுண்டு. “வந்திட்டீங்களோ” என்பதில் இதமாயிருந்த அதே துணைவினை, “மாறிட்டுதோ” என்பதிற் சுமையாகிவிடுகின்றது. வருகை முற்றுப்பெற்ற செயல், குணமடைதல் அவ்வாறன்று. ஆம் என்றால் பொய்யாகலாம். இல்லை என்றால் வந்தவரை வருத்தும்.

மூன்றாவதாக வந்தவர் அடுத்த வளவிலுள்ள மூதாட்டி. “மாஸ்ரர், வந்திட்டீங்களோ? முகம் தெளிஞ்சிருக்கு” என்று கூறி அருகில் அமர்ந்தார். நாவூறு படும் என்றஞ்சி, நன்றாக இருக்கின்றீர்கள் எனப் புகழவுமில்லை, மெலிவைச் சுட்டவுமில்லை. சற்றுப் பொறுத்து, “இரவிலை நித்திரை வருகுதோ?” என்றார். அது வைத்தியர் விடைகூற வேண்டிய வினாவன்று. நோயாளி தாமே அறிந்தது. விரும்பினால் ஒரு சொல்லில் முடிக்கலாம், விரும்பினால் தொடரலாம். ஆசிரியர் தொடர்ந்தார். விடுதியில் இரவு முழுதும் எரிந்த விளக்கைப் பற்றியும், பக்கத்துக் கட்டிலிலிருந்தவர் ஒருநாட் காலையிற் காணாமற்போனதைப் பற்றியும், அன்றிலிருந்து தமக்கு உறக்கம் வராமையைப் பற்றியும் கூறினார். அடுக்களையில் நின்ற மனைவி அவற்றை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டார்.

இருள்படும் வேளையில் மூதாட்டி எழுந்து, “போட்டு வாறன்” என்றார். மற்றையோர் சென்றபோது தலையை மாத்திரம் அசைத்த ஆசிரியர், கதிரையின் கையைப் பற்றி மெல்ல எழுந்து நின்றார்.

“ஓம், போட்டு வாங்கோ. நாளைக்கும் வாங்கோ” என்றார்.