உறையும் நீரின் கணக்கு

எங்கள் கவிதைகளில் இப்போது 'என்ட்ரோபி' அடிக்கடி தென்படுகிறது. சிதைவு, கலைந்த வீடு, சிதறிய ஊர் எல்லாவற்றுக்கும் அதுவே பெயர். இந்தக் குளிர்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் கற்பிப்பவன் என்பதால் எனக்கு அதில் சிறு எரிச்சல் உண்டு. என் மகளின் பாடப்புத்தகமும் 'ஒழுங்கின்மையின் அளவு' என்றே தொடங்குகிறது.

"அப்பா, ஒழுங்கின்மை கூடிக்கொண்டே போகும் எண்டால், தண்ணி ஏன் தானாவே ஐஸாகுது?" என்று கேட்டாள்.

சரியான கேள்வி. இங்கே குளிர்காலத்தில் காருக்குள் விட்ட தண்ணீர்ப் போத்தல் சிலவேளை சுழியத்துக்குக் கீழே ஐந்து பாகை வரை குளிர்ந்தும் உறையாமல் நிற்கும். எடுத்து ஒரு தட்டுத் தட்டினால் ஊசி ஊசியாகப் பனிக்கட்டி ஓடும். அலைந்து திரிந்த மூலக்கூறுகள் அறுகோண வரிசையில் போய் நிற்கின்றன. யாரும் அடுக்கவில்லை.

போத்தலுக்குள் வெப்பமானி இருந்தால் விடை தெரியும். தட்டியதும் அது சுழியத்துக்கு ஏறும். உறைதல் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. அந்த வெப்பமே நீரைச் சூடாக்கிவிடுவதால், முதலில் பதினாறில் ஒரு பங்குதான் உறையும். மிச்சம், வெப்பம் காற்றுக்குப் போகப் போக மெதுவாக உறையும்.

கணக்கை ஒரு கிராமுக்குப் பார்ப்போம். மைனஸ் ஐந்தில் அது முழுதாக உறைந்தால் நீரின் என்ட்ரோபி கெல்வினுக்கு 1.18 ஜூல் குறைகிறது. வெளியேறும் வெப்பம் ஏறத்தாழ 323 ஜூல். அதைக் காற்றின் வெப்பநிலையான 268 கெல்வினால் வகுத்தால் 1.21. காற்றுக்குக் கிடைத்தது நீர் இழந்ததைவிடக் கூட. ஆகவே உறைகிறது. பிளஸ் ஐந்தில் இதே கணக்கைப் போட்டால் இழப்பு 1.26, வரவு 1.24. அங்கே பனிக்கட்டி தோன்றாது. கையில் காசில்லாதவனுக்குப் பத்து ரூபாய் பெரிது. குளிர்ந்த காற்றுக்கு அதே வெப்பமும் அப்படித்தான்.

நீருக்குள் குவிந்திருந்த ஆற்றல் காற்றின் எண்ணற்ற மூலக்கூறுகளுக்குள் பரவிவிட்டது. பனிக்கட்டியின் அழகிய வரிசை அந்தப் பரவலின் துணைவிளைவு. அமெரிக்க வேதியியலாளர் பிராங்க் லம்பர்ட், 'ஒழுங்கின்மை'யைப் பாடப்புத்தகங்களிலிருந்து எடுத்துவிடச் சொல்லி வாதாடியது இதனால்தான். மேசையில் புத்தகங்கள் கலைந்து கிடப்பதால் அவற்றின் வெப்ப இயக்கவியல் என்ட்ரோபி கூடிவிடுவதில்லை என்பதையும் அவர் சொன்னார். என் மகளுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. அறையை அடுக்காமலிருக்க அறிவியல் ஆதாரம் கிடைத்துவிட்டதாம்.

ஆனால் 'பரவல்' என்ற சொல்லும் எல்லா இடத்திலும் இவ்வளவு இலகுவாகக் கைகொடுப்பதில்லை. ஒரே வெப்பநிலையில் உள்ள இரண்டு வாயுக்களைக் கலக்க விடுங்கள். வெப்பம் எங்கும் பாயவில்லை, என்ட்ரோபி மட்டும் கூடுகிறது. அங்கே போல்ட்ஸ்மானிடம்தான் போகவேண்டும்: அதே ஆற்றலோடு மூலக்கூறுகள் எத்தனை விதமாக இருக்கமுடியும் என்ற எண்ணிக்கை. ஒவ்வொரு வாயுவுக்கும் இடம் விரிந்ததால் அந்த எண்ணிக்கை பெருகிவிட்டது. அவளுக்கு அதை அடுத்த கிழமை சொல்லவேண்டும்.