தலைப்பில் ஒரு வரி, அடியில் ஒரு வரி

எங்கள் வக்கீல் குமாஸ்தாக்களின் கம்ப்யூட்டரில் ஒரு பழைய மாதிரிக் கடிதம் இருக்கும். அதன் தலையில் ‘வித்தவுட் பிரிஜுடிஸ்’ என்று கொட்டை எழுத்தில் அடித்திருக்கும். அடியில் ‘எங்கள் உரிமைகள் அனைத்தையும் ஒதுக்கி வைத்துக்கொள்கிறோம்’ என்று ஒரு வரி. பணம் கேட்டு நோட்டீஸ் அனுப்பினாலும் பதில் நோட்டீஸ் கொடுத்தாலும் சமரசத்துக்கு இறங்கி வந்தாலும் அதே கடிதத்தைத் திறந்து நடுவில் உள்ளதை மட்டும் மாற்றுவார்கள். இரண்டு வரிகளும் ஒரே வேலையைச் செய்கின்றன என்றும், இரண்டும் இருந்தால் கடிதத்துக்குக் கவசம் போட்டாயிற்று என்றும் பலர் நம்புகிறார்கள். சில வக்கீல்களும் அப்படித்தான் நம்புகிறார்கள்.

தலைப்பு வரிக்குச் சட்டத்தில் ஒரு வீடு உண்டு. பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 23ஆம் பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் அதுவே 21ஆம் பிரிவு. சிவில் வழக்குகளில், ‘இதைச் சாட்சியமாகக் காட்டக்கூடாது’ என்ற வெளிப்படையான நிபந்தனையோடு ஒருவர் ஒன்றை ஒப்புக்கொண்டிருந்தால், அந்த ஒப்புதலை அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. நிபந்தனையை எழுதாமல் விட்டாலும், இரு தரப்பும் அப்படித்தான் பேசி வைத்திருந்தார்கள் என்று சூழ்நிலையிலிருந்து நீதிமன்றம் ஊகிக்க முடிந்தால் போதும். சண்டை நடந்துகொண்டிருக்கும்போது ஒருவர் தாராளமாகப் பேசி, பேச்சு முறிந்தபின் அந்தத் தாராளமே அவர் கழுத்தைச் சுற்றக்கூடாது என்பதுதான் இதன் நோக்கம்.

ஆக, இந்தப் பாதுகாப்பு நிற்க இரண்டு கால்கள் வேண்டும். உண்மையிலேயே ஒரு தகராறு இருக்க வேண்டும். அதைத் தீர்க்கும் முயற்சியாகக் கடிதம் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றால் தலைப்பு வெறும் மைதான்.

திருப்பூர்ப் பக்கத்து விவகாரம் ஒன்றை, விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். என் கட்சிக்காரர் பனியன் துணி நெய்பவர். நூல் வியாபாரி ஒருவரிடம் 45 நாள் கடனில் நூல் வாங்கினார். பில் 21 லட்சம் ரூபாய். சாயம் போட்டபின் துணியில் பட்டை பட்டையாக வரி விழுந்தது. ஒரு லாட் நூல் சரியில்லை என்று 6 லட்சத்துக்கு டெபிட் நோட் போட்டார். நூல்காரர் அதை ஏற்கவில்லை. கடன் தவணை முடிந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. எப்படியாவது முடித்துக்கொள்ளலாம் என்று என் கட்சிக்காரரின் மேனேஜர் ஒரு கடிதம் தயாரித்துக் கொண்டுவந்தார். தலைப்பு பளிச்சென்று இருந்தது. அதன் கீழே இப்படி இருந்தது: “தங்களுக்கு நாங்கள் தரவேண்டிய 21 லட்சத்தில் டெபிட் நோட் 6 லட்சம் போக மீதியைத் தரக் கடமைப்பட்டுள்ளோம். மார்க்கெட் மந்தமாக இருப்பதால் சிறிது அவகாசம் தேவை. 14 லட்சம் பெற்றுக்கொண்டு கணக்கை முடித்துக்கொள்ளவும்.”

“தலையில போட்டிருக்கோம்ல சார், அப்புறம் என்ன?” என்றார் மேனேஜர்.

அந்தக் கடிதத்தில் இருப்பவை இரண்டு வேறு சரக்குகள். 14 லட்சம் தருகிறேன் என்பது சமரசப் பேச்சு. தரவேண்டிய தொகை இவ்வளவு, அவகாசம் கொடுங்கள் என்பது சமரசமே அல்ல; கடனை ஒப்புக்கொண்டு தவணை கேட்பது. காலவரம்புச் சட்டம், 1963இன் 18ஆம் பிரிவுப்படி, கெடு முடிவதற்குள் கையெழுத்திட்டு எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டால் அன்றிலிருந்து மூன்று வருஷம் புதிதாக எண்ணத் தொடங்கும். அந்தப் பிரிவின் விளக்கத்தை நிறையப் பேர் படிப்பதில்லை. பணம் தர மறுத்தே எழுதியிருந்தாலும், எதிர்க்கணக்கைக் கழிக்கச் சொல்லியிருந்தாலும், அது ஒப்புதலாகக் கொள்ளப்படலாம் என்கிறது அது. டெபிட் நோட்டைச் சொல்லித் தப்பித்துவிட்டோம் என்று மேனேஜர் நினைத்தார். டெபிட் நோட்டைக் கழிக்கச் சொன்ன விதமே மீதி 15 லட்சத்துக்கு ஒப்புதல் ஆகிவிடக்கூடியது.

தலைப்பு வரி அதைத் தடுக்காதா? நிச்சயம் தடுக்கும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. 2018இல் ஐ.டி.சி. – புளூ கோஸ்ட் ஹோட்டல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே கேள்வியைப் பார்த்தது. கோவாவில் ஹோட்டல் நடத்திய கடனாளி, கடன் கொடுத்த நிதி நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தில் ‘வித்தவுட் பிரிஜுடிஸ்’ என்று போட்டிருந்தார். அது வெறும் சமரச முயற்சி அல்ல, பணம் தர வேண்டிய பொறுப்பை ஏற்றதும்கூட என்று சொல்லி, தலைப்பைக் காரணம் காட்டிக் கடிதத்தை ஒதுக்கிவிட முடியாது என்றது நீதிமன்றம். இங்கிலாந்துப் பிரபுக்கள் சபையும் 2006இல் பிராட்ஃபோர்டு அண்டு பிங்லி – ரஷீத் வழக்கில் இந்த வழியில்தான் போனது: தகராறே இல்லாத கடனுக்கு அவகாசம் கேட்டு எழுதிய கடிதத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஆகவே மேனேஜரின் கடிதத்தை இரண்டாக உடைத்தோம். முதல் கடிதம் திறந்த கடிதம், தலைப்பு இல்லை. எந்த பில்லின் எந்த லாட் நூலில் கோளாறு, எந்தத் தேதியில் புகார் சொன்னோம், அதனால் கோரப்படும் தொகையை ஏற்கவில்லை என்பவை மட்டும் அதில் இருந்தன. இதை நாளைக்கு நீதிபதி படிக்க வேண்டும். படித்தால் நமக்கு நல்லது. இரண்டாவது கடிதம் தலைப்போடு போனது. அதில் கடந்தகாலக் கணக்கே கிடையாது. “பொறுப்பு எதையும் ஒப்புக்கொள்ளாமல், தகராறை முடித்துக்கொள்ளும் நோக்கத்தில் மட்டும், 14 லட்சம் ரூபாயை மூன்று தவணைகளில் தர முன்வருகிறோம். இம்முன்மொழிவு இன்ன தேதி மாலை ஐந்து மணியோடு காலாவதியாகும். இரு தரப்பும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகே கட்டுப்படுத்தும்.” அவ்வளவுதான். ‘தரவேண்டிய’, ‘பாக்கி’, ‘அவகாசம்’ என்ற சொற்களைத் தேடித் தேடி எடுத்தேன். கடைசி வாக்கியம் ஏன் என்றால், எதிராளி சரி என்று எழுதிவிட்டால் அங்கே ஓர் ஒப்பந்தம் உருவாகிவிடும். அப்போது ஒப்பந்தம் உண்டா இல்லையா என்று நிரூபிக்க அந்தக் கடிதமே நீதிமன்றத்துக்கு வரும். தலைப்பு குறுக்கே நிற்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரிவு அப்படிச் சொன்னாலும், கீழ்க் கோர்ட்டில் எதிர்தரப்பு அந்தக் கடிதத்தை நீட்டும்போது நாம் ஆட்சேபம் எழுப்புவோம். ‘ஆட்சேபத்துக்கு உட்பட்டு’ என்று அதைக் குறியீடு செய்துவைத்து, முடிவைத் தீர்ப்பு நேரத்துக்குத் தள்ளுவது உண்டு. அதற்குள் நீதிபதி கடிதத்தைப் படித்திருப்பார். படித்ததை மறக்கச் சொல்லும் சட்டம் இல்லை. அதனால் தலைப்பை நம்பி எழுதாதீர்கள் என்று ஜூனியர்களிடம் சொல்வேன். தலைப்பு விழுந்துவிட்டாலும் உள்ளே இருப்பது நம்மைக் கொல்லாதபடி எழுத வேண்டும்.

இனி அடிவரி. இதற்கென்று தனிப் பிரிவு கிடையாது. ஒருவர் சும்மா இருந்ததாலோ கொஞ்சம் இறங்கி வந்ததாலோ தன் உரிமையைக் கைவிட்டார் என்று எதிராளி வாதாடுவதைத் தடுப்பது மட்டுமே அதன் வேலை. கடிதத்தைக் கோர்ட்டுக்கு வெளியே நிறுத்தும் சக்தி அதற்கு இல்லை. அதனால்தான் தலைப்பு போடக்கூடாத திறந்த கடிதத்திலும் அதைத் தாராளமாக எழுதலாம். மறுபக்கம், சட்டப்படி கொடுத்தே தீரவேண்டிய நோட்டீஸில் ‘வித்தவுட் பிரிஜுடிஸ்’ போடுகிறவர், நாளைக்குத் தானே காட்ட வேண்டிய ஆவணத்தின் மேல் தானே கேள்விக்குறி போடுகிறார்.

உரிமையை ஒதுக்கி வைத்தால் காலமும் நிற்கும் என்பது ஆபத்தான மூடநம்பிக்கை. நூல்காரர் எங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதி, அடியில் உரிமை வரியையும் போட்டு, ஆறு மாதம் பேசிக்கொண்டே இருந்திருந்தால் அவர் வழக்கே செத்திருக்கும். ஓடத் தொடங்கிய காலவரம்பு பேச்சுவார்த்தைக்காக நிற்காது. அவர் வக்கீல் விவரமானவர். பேச்சை விடாமலே, கெடுவுக்கு முன்பு பிராதைத் தாக்கல் செய்துவிட்டார். நான் அவர் இடத்தில் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அடிவரி தோற்கும் இன்னொரு இடம் செக். ‘முழுமையான, இறுதியான தீர்வாக’ என்று எழுதி, ‘ஏற்காவிட்டால் செக்கைத் திருப்பி அனுப்பவும்’ என்ற நிபந்தனையோடு ஒரு செக் வருகிறது. வாங்கியவர் பேங்கில் போட்டுவிட்டு, பிறகு ‘உரிமையை ஒதுக்கி வைத்துப் பெற்றுக்கொண்டோம்’ என்று எழுதுகிறார். பகவதி பிரசாத் பவன்குமார் வழக்கில் ரயில்வே இப்படி செக் அனுப்பியது. செக்கைப் பணமாக்கியதே சம்மதம்; எதிர்ப்பு இருந்தால் பணமாக்குவதற்கு முன்பே தெரிவித்திருக்க வேண்டும் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. செக் கையில் வந்தவுடன் ‘இந்த நிபந்தனையை ஏற்கவில்லை, கணக்கில் ஒரு பகுதியாக வேண்டுமானால் வரவு வைக்கிறோம், சம்மதமா?’ என்று முதலில் எழுதுங்கள். பதில் வரும்வரை செக் மேஜை டிராயரில் இருக்கட்டும்.

செக் கொடுப்பவருக்கும் ஒரு வார்த்தை. மேலே சொன்ன 21ஆம் பிரிவு ‘சிவில் வழக்குகளில்’ என்றுதான் தொடங்குகிறது. சமரசத் தவணைக்காகக் கொடுத்த செக் திரும்பினால் வருவது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவுப்படியான குற்ற வழக்கு. அங்கே கடிதத்தின் தலைப்பைக் காட்டி நிற்க முடியும் என்று எண்ண வேண்டாம். நாங்கள் பேங்க் மூலம் நேரடியாகப் பணம் அனுப்புவதாகவே ஒப்பந்தத்தில் எழுதினோம். நூல்காரரும் தன் பக்கம் ஒரு வரி சேர்த்தார்: ஏதாவது ஒரு தவணை தவறினால் வந்த தொகையைக் கழித்துக்கொண்டு முழுக் கோரிக்கையும் உயிர்பெறும். பொத்தாம்பொதுவான ‘உரிமைகள் அனைத்தும்’ என்பதைவிட இந்த ஒரு வரி அவருக்கு நூறு மடங்கு பலம்.

கடைசியில் 15 லட்சத்துக்கு முடிந்தது; பிராது வாபஸ் ஆனது. உங்களுக்கு இப்படி ஒரு கடிதம் எழுத நேர்ந்தால், கையெழுத்துப் போடும் முன் தலைப்பையும் அடிவரியையும் கையால் மறைத்துக்கொண்டு நடுவில் உள்ளதை மட்டும் ஒருமுறை படியுங்கள். கோர்ட்டில் வாசித்தால் வியர்க்கும் என்று தோன்றும் வாக்கியத்தை அனுப்பாதீர்கள்.