பத்திரிகைக்குள் ஒரு தங்குமிடச் சீட்டு

கல்யாணப் பத்திரிகை அச்சடிக்க வருகிறவர்கள் எழுத்து வடிவத்துக்கும் பிள்ளையார் படத்துக்கும் அரை நாள் செலவழிப்பார்கள். வெளியூர்க்காரர்களுக்கு வைக்கும் உள்சீட்டு என்று வந்தால், “லாட்ஜ் பேர், போன் நம்பர், வேன் டைம், அவ்வளவுதான், நீங்களே போட்டுடுங்க” என்று எழுந்துவிடுவார்கள். கும்பகோணத்தில் பத்திரிகை வாசகம் எழுதிக் கொடுப்பதே என் தொழில். அழைப்பு வாசகம் வீட்டுக்கு வீடு பெரிதாக மாறுவதில்லை. இந்தச் சீட்டுக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

ஒரு கல்யாணத்தை எடுத்துக்கொள்வோம். ஞாயிறு காலை 6.00-லிருந்து 7.30-க்குள் முகூர்த்தம். முதல் நாள் சனி மாலை 6.30-க்கு மாப்பிள்ளை அழைப்பும் வரவேற்பும். மண்டபம் சுவாமிமலையில், உறவுக்காரர்கள் தங்குவது கும்பகோணத்தில். வெளியூரிலிருந்து சுமார் 60 பேர், பெரும்பாலும் சென்னையிலிருந்து. இரண்டு இடங்களில் அறை பிடித்திருக்கிறார்கள். ஒன்று ரயில் நிலையத்தை ஒட்டிய பழைய லாட்ஜ், மற்றது மகாமகக் குளத்துப் பக்கம் உள்ள கொஞ்சம் புதிய ஓட்டல்.

முதலில் நான் கேட்பது, அறை வாடகைக் கணக்கு எந்த மணியிலிருந்து தொடங்குகிறது என்பதைத்தான். பத்திரிகை கொடுக்க வருகிற வீட்டாரில் பாதிப் பேருக்கு இது தெரிந்திருக்காது. புது ஓட்டல்களில் மதியம் 12-லிருந்து மறுநாள் மதியம் 12 வரை ஒரு நாள். நம் ஊர் லாட்ஜுகள் பலவற்றில் 24 மணி நேரக் கணக்கு. நீங்கள் சாவி வாங்கிய நேரம் எதுவோ அதிலிருந்து ஒரு நாள். கேட்பதற்கு இது தாராளமாகத் தெரியும். ஆனால் சென்னை எழும்பூரில் இரவு ஏறினால் உழவன் எக்ஸ்பிரஸ் விடிவதற்கு முன்பே கும்பகோணத்தில் இறக்கிவிட்டுவிடும். அதில் வந்து சனிக்கிழமை காலை 5 மணிக்குச் சாவி வாங்குகிறவருக்கு ஞாயிறு காலை 5 மணிக்கு ஒரு நாள் முடிந்துவிடுகிறது. அப்போது அவர் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு மண்டபத்துக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார், பெட்டி அறையில் இருக்கும். இரண்டாம் நாள் வாடகை ஏறியது அவருக்கும் தெரியாது, பெண் வீட்டாருக்கும் தெரியாது. கணக்கு முடிக்கும்போது 10 அறைக்கு 20 அறை வாடகை வந்து நிற்கும், கல்யாணம் முடிந்த களைப்போடு கவுண்டரில் வாக்குவாதம் நடக்கும்.

12 மணி ஓட்டலில் கதை வேறு. சனி மதியத்திலிருந்து பதிவு செய்திருந்தால், விடியற்காலையில் வந்தவர்கள் 7 மணி நேரம் வரவேற்பறை சோபாவில் உட்கார வேண்டும். வெள்ளி மதியத்திலிருந்தே எடுத்துவிடலாம் என்றால் யாரும் படுக்காத ஓர் இரவுக்கு எல்லா அறைக்கும் பணம் கட்ட வேண்டும். நான் சொல்லும் யோசனை நடுவில் இருக்கும். ஓட்டலில் இரண்டு அறைகளை மட்டும் வெள்ளி இரவிலிருந்து எடுங்கள். விடியலில் வருகிறவர்கள் அங்கே குளித்து, பெட்டியை வைத்துவிட்டு, டிபன் சாப்பிட்டுவிட்டு, கோயில் பார்க்கப் போகட்டும். கும்பகோணத்தில் அதற்குக் குறைவில்லை. 12 மணிக்கு அவரவர் சாவி. இதைச் சீட்டில் ஒளிவுமறைவில்லாமல் எழுதிவிட வேண்டும். எழுதாமல் விட்டால் வரவேற்பறையில் நிற்கிற பெரியப்பாவுக்குத் தனக்கு ரூம் போடவில்லை என்றுதான் தோன்றும். பகலில் வரும் சோழன் எக்ஸ்பிரஸில் கிளம்பினால் இந்தச் சிக்கலே இல்லை என்பதையும் ஒரு வரியில் சேர்ப்பேன். சனி மதியத்துக்கு மேல் வந்து ஞாயிறு மதியத்துக்குள் கிளம்பினால் இரண்டு கணக்கிலும் ஒரே நாள்தான். ஆனால் ரயில் நேரத்தை அச்சடிக்க மாட்டேன். பத்திரிகை அடிப்பதற்கும் கல்யாணத்துக்கும் நடுவில் ரயில்வே கால அட்டவணை மாறக்கூடும். வண்டியின் பெயர் போதும்.

அடுத்தது வேன். “அரை மணிக்கு ஒரு வண்டி” என்று போடச் சொல்வார்கள். எழுதுவது சுலபம், ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். 17 பேர் உட்காரும் டிராவலர் இரண்டு. லாட்ஜ் வாசலில் ஒன்று, ஓட்டல் வாசலில் ஒன்று. சுவாமிமலைக்கு ஏழெட்டு கிலோமீட்டர்தான். ஆனால் அது முருகன் சந்நிதியில் தாலி கட்டிக்கொள்ள நிறையப் பேர் வரும் ஊர். முகூர்த்த நாளில் தெரு முழுக்க நம்மைப் போன்ற வண்டிகளாகவே இருக்கும். போக 25 நிமிடம் என்றே வைக்க வேண்டும். இறங்க 5, காலியாகத் திரும்ப 20, மறுபடி ஏற்ற 10. ஆக ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம். முதல் நடை 4.30-க்குப் புறப்பட்டால் அடுத்தது 5.30-க்குத்தான் முடியும். இரண்டு வண்டி, இரண்டு நடை என்றால் 68 இருக்கை. 60 பேருக்குச் சரியாக இருக்கிறது. 5.30 வண்டி 6 மணிக்கு முன்னால் போய்ச் சேரும்.

மூன்றாவது நடை 6.30-க்கு உண்டு. அதை அச்சடிக்கக் கூடாது. அச்சடித்தால் எல்லோரும் அதில்தான் வருவார்கள், நடுவழியில் கெட்டிமேளம் முடிந்திருக்கும். டிரைவரிடமும் வேன் பொறுப்பாளரிடமும் மட்டும் சொல்லிவைத்தால், உண்மையிலேயே தாமதமான நாலு பேருக்கு உதவும்.

4.30 வண்டிக்கு 4.15 என்று போடலாமே, நம்மாட்கள் தாமதமாகத்தானே வருவார்கள் என்று எல்லா வீட்டிலும் ஒருவர் சொல்வார். நான் சம்மதிப்பதில்லை. முதல் நாள் வரவேற்புக்கு 5.30 என்று போட்ட வேன் 5.45-க்குப் புறப்பட்டதைப் பார்த்தவர்கள், மறுநாள் விடியலில் தாங்களே 15 நிமிடம் சேர்த்துக்கொள்வார்கள். சரியான நேரத்தைப் போட்டு, சனி மாலை வேனைச் சொன்ன நிமிடத்தில் கிளப்புங்கள். ஞாயிறு காலை தானாகச் சரியாகும். இன்னொன்று, முகூர்த்த நாளில் ஒரே லாட்ஜ் வாசலில் மூன்று கல்யாண வேன்கள் நிற்கும். முன்கண்ணாடியில் மணமக்கள் பெயர் ஒட்டியிருக்கும் என்று சீட்டிலும் போட்டு, வண்டியிலும் ஒட்ட வேண்டும். இல்லையென்றால் ஒன்றுவிட்ட அத்தை வேறு யார் வீட்டுப் பந்தியிலோ காபி குடித்துக்கொண்டிருப்பார்.

சங்கடமான இடம் ஒன்று உண்டு. வாடகை யார் கொடுப்பது? சொந்தக்காரர்களுக்கு அறை போடுவது அழைக்கிற வீட்டின் பொறுப்பு என்பதுதான் நம் வழக்கம். அலுவலக நண்பர்களுக்கு, மகளோடு படித்தவர்களுக்கு, பல வீடுகள் ஓட்டலில் பேசி வாடகையைக் குறைத்து மட்டும் தருகின்றன. இரண்டு கூட்டத்துக்கும் ஒரே சீட்டைக் கொடுத்தால், வாடகை விவரத்தைப் பார்த்த சித்தப்பா பத்திரிகையை மடித்து வைத்துவிடுவார். அதனால் இரண்டு சீட்டு அடிக்கிறேன். உறவினர் சீட்டில் பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. “தங்களுக்கு அறை ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது” என்பதோடு எந்த இடம் என்று மட்டும். நண்பர்கள் சீட்டில் வாடகை வரி சேர்த்தா சேர்க்காமலா, எந்தத் தேதிக்குள் யாருடைய பெயரைச் சொல்லிப் பதிவு செய்தால் அந்த விலை, எல்லாம் தெளிவாக. வார இறுதியில் நவக்கிரகக் கோயில் சுற்ற வருகிறவர்களே இங்கே அறைகளை நிரப்பிவிடுவார்கள். கடைசித் தேதியைப் போடாத சலுகை விலையால் பயனில்லை. விடுதிகளை மண்டபத்துக்கு உள்ள தூரத்தை வைத்து வரிசைப்படுத்துவேன். வாடகையை வைத்து வரிசைப்படுத்தினால் யாருக்கு எந்தத் தரம் என்று ஒப்பிடும் வேலை ஆரம்பித்துவிடும்.

உறவினர் சீட்டு இப்படி வரும்:

தங்களுக்கு அறை: ஓட்டல், மகாமகக் குளம் அருகில். பெண்ணின் தந்தை பெயரைச் சொல்லிச் சாவி பெற்றுக்கொள்ளவும்.
அறை: சனி மதியம் 12 முதல் ஞாயிறு மதியம் 12 வரை.
சனி விடியற்காலை வருவோர்: குளிக்க, பெட்டி வைக்க முதல் மாடியில் இரண்டு அறைகள் உண்டு.
பெரியவர் ஒவ்வொருவரும் ஆதார் அல்லது ஓட்டுநர் உரிமம் அசலாகக் கொண்டு வரவும்.
வேன் (ஓட்டல் வாசலில் புறப்படும் நேரம்): சனி மாலை 5.30. ஞாயிறு விடியற்காலை 4.30, 5.30.
மண்டபத்திலிருந்து திரும்ப: சனி இரவு 9.00, 10.00. ஞாயிறு காலை 9.00, 10.00.
வேன் பொறுப்பு: ____________

அந்தக் கோடு வேண்டுமென்றே விட்டது. வேனுக்கு யார் பொறுப்பு என்பது பத்திரிகை அடிக்கும் நாளில் எந்த வீட்டிலும் முடிவாகியிருக்காது. பிறகு பேனாவால் பெயரும் எண்ணும் எழுதிக் கொடுப்பார்கள். அதனால்தான் பத்திரிகை பளபளப்பான ஆர்ட் தாளில் இருந்தாலும் சீட்டை மேப்லித்தோவில் அடிக்கிறேன். ஆர்ட் தாளில் பேனா மை வழுக்கும், விரல் பட்டால் இழுவிக்கொள்ளும். மண்டபத்துக்கு வழி காட்டும் கியூஆர் கட்டத்தை வெள்ளையில் கறுப்பாக, குறைந்தது 2 சென்டிமீட்டர் அகலத்தில், சுற்றிலும் வெற்றிடம் விட்டு வைப்பேன். தங்க மையில் கேட்கிறார்கள். விளக்கு வெளிச்சத்தில் அது மின்னும், போன் படிக்காது.

நேரத்தை எழுதும்போது “இரவு 12.15” என்று விட்டால் எந்த நாள் இரவு என்று குழப்பம் வரும். “சனி இரவு கழிந்து ஞாயிறு 12.15” என்று நீட்டி எழுதுவதே மேல். சிங்கப்பூர், மலேசியா உறவினர்கள் வந்தால் பாஸ்போர்ட்டும் விசாவும் கொண்டுவரச் சொல்லித் தனி வரி வேண்டும். வெளிநாட்டுக் குடிமக்கள் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் விடுதிக்காரர் அவர்கள் விவரத்தை இணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத சிறு லாட்ஜுகள் அவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பும். ஆகவே அவர்களை எங்கே தங்க வைப்பது என்பதை முன்பே கேட்டு முடிவு செய்யுங்கள்.

சீட்டை அச்சுக்கு விடுவதற்கு முன், ஒரு முகூர்த்த நாளாகப் பார்த்து, விடியற்காலை 4.30-க்கு லாட்ஜ் வாசலிலிருந்து மண்டபம் வரை ஒருமுறை வண்டியில் போய் வாருங்கள். 25 நிமிடம் என்பது 40 ஆக இருந்தால், தாளில் திருத்துவதற்கு இன்னும் நேரம் இருக்கும்.