ஒரே உரம், ஒரே அளவு... காய்க்க மறந்த அறுபது தென்னைகள்!

ஆனைமலைப் பக்கம் ஒரு ஏக்கருக்குச் சற்றுக் குறைவான தோப்பு. மொத்தம் அறுபது தென்னை. அதில் நாற்பத்தெட்டு, மாமனார் இளவயதில் நட்ட நெட்டை மரங்கள். மீதி பன்னிரண்டு, பட்டுப்போன மரங்களின் இடத்தில் மூன்று வருடங்களில் நான்கு நான்காக வைத்த கன்றுகள்.

மாமனாருக்கு முழங்கால் வலி வந்து வரப்பில் நடக்க முடியாமல் போனதும், தோப்புக் கணக்கு மருமகளிடம் வந்தது. அப்போதே காய்ப்பு சரிந்திருந்தது. ஒரு குலையில் நான்கைந்து காய்கூடத் தங்கவில்லை. "வித்துட்டு நிம்மதியா இருக்கலாம்" என்றார் கணவர். மாமனார் எதுவும் பேசவில்லை. அந்த மௌனம்தான் அவரை உறுத்தியது. மூன்று வருடம் அவகாசம் கேட்டார்.

முதலில் அவர் பார்த்தது மரத்தை. அடிமட்டைகள் மட்டும் மஞ்சளும் ஆரஞ்சுமாக மாறி, ஓலையின் ஓரமும் நுனியும் தீயில் காட்டியதுபோல் கருகியிருந்தன. உச்சியில் புது ஓலை பச்சையாகவே இருந்தது. சாம்பல் சத்து குறைந்தால், மரம் பழைய மட்டையில் இருப்பதை உருவிப் புது ஓலைக்குக் கொடுத்துவிடும். அதனால்தான் அடியில் காய்கிறது. ஆனால், தண்ணீர்க் குறையிலும் நோயிலும்கூட மட்டை மஞ்சளாகும். எனவே மண்ணைக் கேட்காமல் முடிவுக்கு வர முடியாது.

நெல் வயலில் எடுப்பதுபோல் மேல்மண்ணை மட்டும் சுரண்டினால் தென்னைக்குப் போதாது, வேர் ஆழத்தில் இருக்கிறது. தோப்பில் ஐந்து இடங்களில் குழி வெட்டி, ஒரு அடி, இரண்டு அடி, மூன்று அடி ஆழங்களில் தனித்தனியாக மண் எடுத்தார். ஒரே ஆழத்து மண்ணை ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, ஆழத்துக்கு அரை கிலோவாகப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தார். எருக்குழி ஓரத்தையும் வாய்க்கால் பக்கத்தையும் தவிர்த்தார். அண்மையில் உரம் வைத்த மண்ணும் தப்புக் கணக்கு சொல்லும் என்பதால், வைத்து மூன்று மாதம் கழியக் காத்திருந்தார்.

அட்டையில் வந்த பதில்: தழைச்சத்து குறைவு, மணிச்சத்து அதிகம், சாம்பல் சத்து குறைவு.

ஏன் இப்படி? விடை மாமனாரின் பழைய நோட்டில் இருந்தது. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு மூட்டை டி.ஏ.பி. அதை அறுபது மரத்துக்கும் சரிசமமாகப் பகிர்ந்திருக்கிறார். வருடத்துக்கு இரண்டு முறை என்றால் ஒரு மரத்துக்கு ஏறத்தாழ 1.67 கிலோ. டி.ஏ.பி-யில் நூற்றுக்கு 18 பங்கு தழைச்சத்து, 46 பங்கு மணிச்சத்து. அதாவது, மரத்துக்கு 300 கிராம் தழைச்சத்தும் 770 கிராம் மணிச்சத்தும் போயிருக்கின்றன. காய்க்கும் நெட்டை மரத்துக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் வருட அளவு 560 கிராம் தழை, 320 கிராம் மணி, 1,200 கிராம் சாம்பல். தழை பாதிதான் கிடைத்திருக்கிறது. மணி இரண்டு மடங்குக்கு மேல். சாம்பல் சத்து ஒரு கிராம்கூட இல்லை. ஆனால், வெட்டிப்போகும் ஒவ்வொரு தேங்காயும் மட்டையிலும் தண்ணீரிலுமாக அந்தச் சத்தைத்தான் தோப்பிலிருந்து எடுத்துச் செல்கிறது.

மாமனாரிடம் இதை எப்படிச் சொல்வது? "நீங்க போட்டது தப்பு மாமா" என்று சொல்ல மனம் வரவில்லை. அட்டையையும் நோட்டையும் பக்கத்தில் வைத்து, கூட்டிப் பார்க்கச் சொன்னார். அவர் விரல் விட்டு எண்ணிவிட்டு, "பொட்டாஷே போடலியே அம்மிணி" என்றார்.

இனிக் கணக்கு. பரிந்துரை அளவை உர மூட்டையாக மாற்றினால் ஒரு மரத்துக்கு வருடத்துக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ. மண்ணில் ஒரு சத்து நடுத்தரமாக இருந்தால் இதே அளவு. குறைவு என்றால் கால் பங்கு கூட்ட வேண்டும், அதிகம் என்றால் கால் பங்கு குறைக்க வேண்டும். அந்தத் தோப்புக்கு யூரியா 1.6 கிலோ, சூப்பர் 1.5 கிலோ, பொட்டாஷ் 2.5 கிலோ என்று வந்தது. இதை ஆடியை ஒட்டி ஒரு முறை, மார்கழி – தையில் ஒரு முறை எனப் பாதிப் பாதியாக வைக்க வேண்டும். ஆக, ஒரு முறைக்கு யூரியா 800 கிராம், சூப்பர் 750 கிராம், பொட்டாஷ் 1,250 கிராம்.

இது ஐந்தாம் வருடத்திலிருந்து கொடுக்க வேண்டிய முழு அளவு. இரண்டாம் வருடக் கன்றுக்கு இதில் கால் பங்கு, மூன்றாம் வருடத்துக்கு அரை, நான்காம் வருடத்துக்கு முக்கால். கன்றுக்கும் முழு அளவைக் கொட்டினால் இளவேர் உப்பில் வெந்து, ஓலை நுனி காயும். வயதுவாரியாக நான்கு நான்கு கன்றுகள் இருந்ததால், பன்னிரண்டும் சேர்ந்து ஆறு பெரிய மரங்களுக்குச் சமம். நாற்பத்தெட்டோடு ஆறு சேர்த்து ஐம்பத்துநான்கு மரக் கணக்கு.

ஒரு பருவத்துக்கு வாங்க வேண்டியது யூரியா 43 கிலோ, சூப்பர் 40.5 கிலோ, பொட்டாஷ் 67.5 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்று, 50 கிலோ சூப்பர் ஒன்று, பொட்டாஷ் ஒன்றரை மூட்டைக்குள் அடங்கிவிட்டது.

அடுத்தது வைக்கும் இடம். மரத்தடியை ஒட்டிக் கொட்டுவதுதான் அங்கே வழக்கம். ஆனால், தண்டை ஒட்டி இருப்பது முற்றிய வேர். சத்தை உறிஞ்சுவது விலகி ஓடும் வேர்களின் நுனிப்பக்கம். எனவே மரத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, ஆறடி அளந்து சுற்றி வட்டம் போட்டார். வட்டத்துக்குள் அரையடி ஆழத்துக்குள் மண்ணைக் கொத்தி வட்டப்பாத்தி அமைத்தார். கன்றுகளுக்கு ஓலை விரிந்த அளவுக்குச் சின்ன வட்டம். வருடாவருடம் அது பெரிதாகும்.

ஈரம் இருக்கும்போது, தண்டை விட்டு விலகி உரத்தைப் பரவலாகத் தூவி, கொத்தி மண்ணால் மூடி, உடனே தண்ணீர் விட வேண்டும். மேலேயே கிடந்தால் யூரியாவின் சத்தில் ஒரு பகுதி காற்றோடு போய்விடும். கொட்டும் மழை நாளில் வைத்தால் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். மரத்துக்கு வருடம் 50 கிலோ தொழு உரமும் உண்டு.

ஆடியில் உரம் வைத்துவிட்டு ஐப்பசியில் குலையைப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. தென்னையில் பாளை வெளியே வருவதற்கு இரண்டரை வருடத்துக்கு முன்பே உள்ளே கருவாகிவிடுகிறது. வெளியே வந்த பாளை முற்றிய தேங்காயாக இன்னும் ஒரு வருடம் ஆகும். அவர் மூன்று வருடம் கேட்டது அதனால்தான்.

அதுவரை என்ன பார்ப்பது? பத்து மரங்களில் எண் எழுதி, கருகிய மட்டைகளையும் தங்கிய குரும்பைகளையும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மருமகள் குறித்துவருகிறார். மூன்றாம் வருட முடிவில் மீண்டும் மண் கொடுக்க வேண்டும். சாம்பல் சத்து நடுத்தரத்துக்கு ஏறியிருந்தால், பொட்டாஷ் 2 கிலோவுக்கு இறங்கும்.

இது இரண்டாம் வருடம். கருகிய மட்டை குறைந்திருக்கிறது. குலையின் கணக்கு இன்னும் வரவில்லை. விற்பனைப் பேச்சும் ஓயவில்லை. ஆனால், உரம் வைக்கும் நாளில் நாற்காலியைத் தோப்பில் போடச் சொல்லி உட்கார்ந்து, "ரெண்டாம் வருசக் கன்னுக்குக் கால் பங்குதான், பாத்துப் போடு" என்று ஆளிடம் சொல்வது இப்போது மாமனார்.