சாம்பார் கறையும் மூன்று துணிகளும்

கரூரிலிருந்து மேசை விரிப்பும் நாப்கினும் பெரும்பாலும் ஒரே செட்டாக, ஒரே துணியில் தைக்கப்பட்டு ஏற்றுமதிக்குப் போகின்றன. பார்வைக்கு அது அழகுதான். ஆனால் இரண்டும் செய்யும் வேலை வேறு. சிந்தியதைத் தாங்கி, துவைத்தால் விட்டுவிட வேண்டியது விரிப்பு. கையிலும் வாயிலும் ஒட்டியதை உடனே உறிஞ்ச வேண்டியது நாப்கின். சாம்பிள் துணிகளில் கறை வைத்துத் துவைத்துப் பார்ப்பது என் தொழில். வீட்டுக்கு எந்தத் துணி வாங்கலாம் என்று யார் கேட்டாலும் விரிப்புக்கா, நாப்கினுக்கா என்றுதான் முதலில் கேட்பேன்.

நம் சாப்பாட்டில் துணிக்குச் சாம்பாரைவிடக் கடுமையான சோதனை இல்லை. எண்ணெயும் மஞ்சளும் அதில் சேர்ந்தே வருகின்றன. துணியைப் பிடிப்பதில் இரண்டுக்கும் வெவ்வேறு குணம். பருத்தி, லினன், பாலியஸ்டர் மூன்றிலும் ஒரு தேக்கரண்டி சாம்பாரை விட்டு, இரவு முழுக்க அப்படியே வைத்தால் காலையில் வித்தியாசம் தெரிந்துவிடும்.

பாலியஸ்டரில் முதல் சில நிமிடங்கள் சாம்பார் மேலேயே நிற்கும். அப்போதே ஒற்றி எடுத்தால் பெரும்பகுதி போய்விடும். இதைப் பார்த்துத்தான் பலர் அதைக் கறை பிடிக்காத துணி என்று நம்பி வாங்குகிறார்கள். உண்மையில் அந்த இழைக்குத் தண்ணீர் ஆகாது, எண்ணெயோ நன்றாக ஒட்டும். காலையில் சோப்புத் தண்ணீரில் போட்டால், இழைக்கும் எண்ணெய்க்கும் நடுவே தண்ணீர் எளிதில் நுழையாது. வெந்நீரில் போட்டால் போய்விடும் என்று நினைத்தால், சூட்டில் மஞ்சளின் நிறம் இழைக்குள் இன்னும் இறங்கிவிடும். எண்ணெய் எளிதில் விடுபட ஆலையில் ஒரு பூச்சு கொடுப்பதுண்டு. துவைக்கத் துவைக்க அது தேய்ந்துவிடும். அதனால் கடையில் தண்ணீர் தெளித்துக் காட்டுவதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பருத்தியில் சாம்பார் உடனே உள்ளே இறங்கிவிடும். பார்க்கப் பயமாக இருந்தாலும், கறை போன வழியில் தண்ணீரும் சோப்பும் போகும். துவைக்கும் வரிசைதான் முக்கியம். முதலில் எண்ணெய். பாத்திரம் கழுவும் திரவத்தைக் கறையின் பின்பக்கம் தேய்த்து, கால் மணி நேரம் விட்டு, குளிர்ந்த நீரில் அலசுங்கள். அடுத்தது மஞ்சள். காரம் அதிகமுள்ள துணி சோப்பு பட்டதும் மஞ்சள் கறை செந்நிறமாகும். புதிய கறை வந்துவிட்டதோ என்று அஞ்சி ப்ளீச்சை ஊற்ற வேண்டாம். காரம் போக அலசினாலே பழைய நிறத்துக்குத் திரும்பிவிடும். பிறகு ஈரத்தோடு நல்ல வெயிலில் கறைப் பக்கம் மேலே இருக்கும்படி விரித்துப் போடுங்கள். மஞ்சளின் நிறம் வெளிச்சத்துக்கு நிற்காது. வெளிறாமல் மிச்சம் இருந்தால் மறுநாளும் நனைத்துப் போடலாம். வெள்ளைத் துணிக்கு இது தாராளமாகப் பொருந்தும். அடர் நிறத் துணியில் சாயமும் சேர்ந்து வெளிறலாம் என்பதால் நிழலிலும் வெயிலிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும்.

லினனுக்கும் இதே முறைதான். ஆளி இழை நீளமானது, வழவழப்பானது. பருத்தி அளவுக்குப் பிசிறு எழும்பாது. அழுக்கு ஒளிந்துகொள்ள இடம் குறைவு. ஈரத்தை வாங்கும் வேகமும் உலரும் வேகமும் அதிகம் என்பதால் நாப்கினுக்கு என் முதல் தேர்வு லினன்தான். விலை கட்டுப்படி ஆகாவிட்டால் பருத்தி. பாலியஸ்டர் நாப்கினை நான் யாருக்கும் சொல்வதில்லை. அது வாயைத் துடைக்காது, ஈரத்தைப் பரப்பிவிடும். விரிப்புக்குப் பருத்தி கலந்த பாலியஸ்டர் சரிதான். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் தினமும் துவைத்துக் காயவைத்து விரிக்க அதுதான் சுலபம்.

பருத்தி விரிப்பு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: லேசான கஞ்சி. சிந்தியதில் ஒரு பங்கு கஞ்சிப் படலத்தோடு நின்றுவிடும். துவைக்கும்போது கஞ்சியோடு அதுவும் கரைந்து போகும். நாப்கினுக்குக் கஞ்சியும் வேண்டாம், துணி மென்மைத் திரவமும் வேண்டாம். இரண்டும் உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும்.

கறை முழுதும் போகாத துணியின்மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்கவே கூடாது. சூடு பட்ட கறையை எடுப்பது மிகக் கடினம். பாலியஸ்டருக்குப் பெட்டியில் ஒரு புள்ளிச் சூடு போதும். கூடினால் பளபளப்புத் தட்டும். சூட்டில் விழுந்த மடிப்பு பிறகு நீங்காது. பருத்திக்கும் லினனுக்கும் மூன்று புள்ளி வேண்டும். லினன் முழுக்கக் காய்ந்துவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் சுருக்கம் போகாது. தண்ணீர் தெளித்துச் சுருட்டி அரை மணி நேரம் வைத்து, ஈரப்பதத்தோடு உள்பக்கம் தேயுங்கள். எடுத்து வைக்கும்போது ஒவ்வொரு முறையும் மடிப்பு விழும் இடத்தை மாற்றுங்கள். லினன் விரிப்பு நடுவில் தேயும் முன்பே, ஒரே கோட்டில் மடித்த இடத்தில்தான் இழை அறும்.